மார்கழிப் புனர்பூசம்

1879-ஆம் ஆண்டு, மார்கழித் திருவாதிரை. திருச்சுழியில் நடராஜர் வீதியுலா முடிந்து கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், சுந்தரம் ஐயர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. ஆங்கிலத் தேதி டிசம்பர் 30. திருவாதிரை முடிந்து புனர்பூசம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தைதான் பகவான் ரமணர்.

அவருடைய ஜயந்தியை டிசம்பர் 30-இல் தேடினால் பெரும்பாலான ஆண்டுகளில் கிடைக்காது. அடியார்கள் பார்ப்பது சந்திரனை. மார்கழி முன்னிரவில், கிழக்கே ஓரியனுக்குக் கீழே ஏறத்தாழ ஒரே ஒளியில் இரண்டு விண்மீன்கள் அருகருகே எழும். அவையே மிதுனத்தின் இரட்டையர். சந்திரன் அவற்றின் பக்கமாக வருவதே புனர்பூசம். பகவான் பிறந்தபோது சந்திரன் நின்ற இடமும் அதுதான்.

வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே விண்மீனிடம் திரும்பச் சந்திரனுக்கு ஏறக்குறைய 27.3 நாள் ஆகிறது. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். சூரியனின் ஆண்டுக்கு இன்னும் பத்து நாள் குறைகிறது. ஆகவே ஜயந்தி ஆண்டுதோறும் பத்து நாள் முன்னே நகரும். நகர்ந்து நகர்ந்து மார்கழியைத் தாண்டிக் கார்த்திகைக்குள் போய்விடும் நிலை வந்தால், பதினான்காவது சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அப்போது 382 நாள் கழித்து, அதாவது பதினேழு நாள் தள்ளி வரும்.

2021-இல் மார்கழிப் புனர்பூசம் டிசம்பர் 21. அதிலிருந்து 382 நாள் எண்ணினால் 2023 ஜனவரி 7. அங்கிருந்து 355 நாளில், அதே ஆண்டு டிசம்பர் 28. ஆக, 2022-இல் ஜயந்தியே இல்லை, 2023-இல் இரண்டு! மார்கழி ஆங்கிலப் புத்தாண்டின் இருபுறமும் கிடப்பதால் இப்படி நேர்கிறது. ஆங்கில நாட்காட்டியை மட்டும் பார்ப்பவர் பிழையென்றே நினைப்பார். சந்திரனோ ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆண்டவன் வகுத்த இந்த ஒழுங்கை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் குவிகிறது.

ஆனால் வானம் சில ஆண்டுகளில் பஞ்சாங்கக்காரரையும் யோசிக்க வைக்கிறது. மார்கழிக்கு இருபத்தொன்பது முப்பது நாள். மாதத் தொடக்கத்திலேயே புனர்பூசம் வந்துவிட்டால், முடிவில் மறுபடியும் எட்டிப்பார்க்கும். 2024 டிசம்பர் 17, மார்கழி 2 அன்று புனர்பூசம். அடுத்த புனர்பூசம் 2025 ஜனவரி 13 பகலில், மார்கழியின் கடைசி நாளில் தொடங்கியது. மறுநாள் சூரியோதயத்திலும் அது இருந்தது. ஆனால் அன்று பொங்கல், தை பிறந்துவிட்டது. உதயத்தில் இருக்கும் நட்சத்திரத்தையே கொள்வோருக்கு அந்த இரண்டாம் புனர்பூசம் தைக்குரியது. நட்சத்திரம் மாதத்துக்குள் தொடங்கினாலே போதும் என்போருக்கு அதுவும் மார்கழியே.