பேட் பிடிக்கலாம் வாங்க – 6: முகம் காட்டிக்கொடுக்கும்

சென்ற வாரம் நிற்கும் நிலையோடு நிறுத்தினோம். பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாக மடங்கி, இடது தோள் பௌலரைப் பார்த்து, இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். ‘பேட்டிங் டீ கொண்டு வாங்க’ என்றதற்கு ஒருவர் பிளாஸ்க்கோடு வந்து நின்ற கதையை இன்னொரு முறை சொல்வதாக இல்லை.

ஸ்ட்ரெயிட் டிரைவுக்கு முன்கால் எங்கே போக வேண்டும் என்பதை இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் பன்னிரண்டு பந்து அடித்தான். அதிலிருந்து என் மனசு காலுக்கு இறங்க மறுக்கிறது.

ஏற்பாடு எளிமையானது. ஒரு சாண் உயரத்துக்கு ரப்பர் கூம்பு, அதுதான் நம் பேட்டிங் டீ; அதன் உச்சியில் டென்னிஸ் பந்து. ஒரு சாணுக்கு மேல் உயரம் வேண்டாம். இடுப்புயரத்தில் பந்தை வைத்தால் பையன் கற்றுக்கொள்வது டிரைவ் அல்ல, தூக்கி அடிப்பது. கூம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, நேர் எதிரே, ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு செருப்புகள். அதுதான் கேட். பந்து செருப்புகளுக்கு நடுவே போக வேண்டும். வேகமாகப் போக வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

பையன் அடித்த பன்னிரண்டில் ஒன்பது, கேட்டுக்கு இடப்பக்கம் போயின. மிட் ஆன் திசை. கேட்டுக்குள் போனவை இரண்டு. ஒன்று கூம்பையும் சேர்த்துக்கொண்டு பறந்தது. சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தேன்.

“சார், நான் நேராத்தான் அடிக்கிறேன், பந்துதான் அந்தப் பக்கம் போகுது.”

பந்தின் மீது பழி போடாத பேட்ஸ்மேனை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பந்து கூம்பின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்கு வேகம் இல்லை, ஸ்விங் இல்லை, சுழலும் இல்லை. அதைச் சொல்லி முடித்தபோதுதான், இத்தனை வருஷமாக டீயைப் பயன்படுத்தியும் நான் சரியாக யோசித்துப் பார்க்காத ஒன்று பிடிபட்டது. இந்த வாரம் முழுக்க அதையே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து ஏற்கெனவே எச்சரிக்கை வந்தாயிற்று.

விஷயம் இதுதான். ஓடிவருகிற பந்தை அடிக்கும்போது அது போகும் திசையில் பலருக்குப் பங்கு உண்டு. பௌலர் அனுப்பிய கோணம், தரையில் பட்டு வந்த மாற்றம், பேட் வீசிய வழி, பேட்டின் முகம் பார்த்த திசை, எல்லாம் கலந்துதான் பந்து கிளம்பும். நான்கு பேர் சேர்ந்து எழுதிய கடிதத்தில் யார் கையெழுத்து எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அசையாத பந்தில் இந்தச் சிக்கல் இல்லை. பேட் தொடும் அந்தக் கணத்தில் அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கமே பந்து போகும். பேட் குறுக்காக வீசப்பட்டால் உராய்வு பந்தைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். மற்றபடி பந்து போன இடமே முகம் பார்த்த இடம்.

இதை அளந்தும் பார்க்கலாம். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிஷத்தில் நகர்வது 6 டிகிரி. பேட்டின் முகம் அந்த ஒரே ஒரு நிமிஷ அளவு திரும்பினால், ஐந்து மீட்டர் போவதற்குள் பந்து அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக விலகிவிடும். கேட்டின் நடுவிலிருந்து செருப்புக்கு உள்ள தூரமும் அரை மீட்டர்தான். அதாவது ஒரு நிமிஷத்துக்கு மேல் முகம் திரும்பினால் பந்து வெளியே. நம் பையனின் பந்துகள் பெரும்பாலும் நடுவிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகிப் போயின. மூன்று நிமிஷம்! கண்ணால் பார்த்தால் பேட் நேராக வந்த மாதிரிதான் இருந்தது. பந்து மட்டும் பொய் சொல்லவில்லை.

முகம் என்றதும் ஒரு கிளைக்கதை. 1771-இல் இங்கிலாந்தில் செர்ட்ஸி அணிக்கும் ஹாம்பிள்டன் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்ப்பின் அகலத்துக்கே ஒரு பேட்டோடு வந்து நின்றார். எந்தப் பந்து ஸ்டம்ப்பில் படும்? ஹாம்பிள்டன்காரர்கள் கொதித்துப்போய் பேட்டின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் அதே அளவுதான், 10.8 சென்டிமீட்டர். டென்னிஸ் பந்தின் விட்டம் சுமார் 6.7. பந்து முழுதாக முகத்தின் மேல் பட வேண்டுமென்றால் இரு பக்கமும் மிஞ்சுவது இரண்டு இரண்டு சென்டிமீட்டர். சிறுவர் பேட்டில் அதுவும் குறையும். ஒயிட்டின் பேட் இருந்திருந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

பையனிடம் திரும்புவோம். முகம் இடப்பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிட்டது. ஏன் திரும்புகிறது?

கையைப் பார்த்தேன். மேல்கை, அதாவது இடக்கை, பரவாயில்லை. கீழ்க்கையான வலக்கையின் உள்ளங்கை ஹேண்டிலுக்குப் பின்னால் போயிருந்தது. தோசைச் சட்டுவத்தைப் பிடிக்கிற பிடி. தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பிள்ளைகளிடம் இது சகஜம். அந்தப் பந்து குதித்து இடுப்புக்கு வரும், லெக் சைடில் வாரி அடித்தால் சிக்ஸ், சட்டுவப் பிடி அதற்குத் தோதானது. டிரைவ் அடிக்கும்போதோ அதே கை ஹேண்டிலை உருட்டி, முகத்தை மூடிவிடுகிறது.

திருத்துவதற்கு விரல் விரலாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொன்னால் பையன் நாதஸ்வரம் பிடிப்பதுபோல் பிடிப்பான். பேட்டை அதன் முகம் தரையைப் பார்க்கும்படி படுக்க வைத்து, ஹேண்டிலை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். “கோடாலியை எடுக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் எடுடா.” எடுத்தான். அப்போது ஒவ்வொரு கையிலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு ‘வி’ தெரியும். இரண்டு ‘வி’யும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோடு பேட்டின் முதுகில் ஓடும் மேட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே இறங்க வேண்டும். கைகள் இரண்டும் ஒட்டி இருக்கட்டும். பார்க்க வேண்டியது அவ்வளவே.

பிடி சரியானதும் இன்னொரு வம்பு. அடிக்கும் நேரத்தில் கீழ்க்கை பழைய பகையை நினைத்துக்கொண்டு இறுக்கியது. அதனால் கீழ்க்கையின் மூன்று விரலுக்கு விடுமுறை கொடுத்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், வேலை முழுவதும் மேல்கைக்கு. இடது முழங்கை தானாக உயர்ந்து பந்துக்கு எதிரே வந்தது. தலை பந்துக்கு மேலே, பேட் ஸ்டம்ப்பிலிருந்து கேட்டை நோக்கி ஒரே கோட்டில் வந்தது. ஸ்ட்ரெயிட் டிரைவின் பாதி இந்த முழங்கைதான். அதை “முழங்கையைத் தூக்கு” என்று கத்தி வரவைக்க முடியாது.

இங்கே ஒரு வாசகியின் கேள்வி நினைவுக்கு வருகிறது. ‘சச்சினே ஹேண்டிலில் கீழே இறக்கித்தானே பிடிப்பார், என் மகன் பிடித்தால் மட்டும் தப்பா?’ என்று போன மாதம் கேட்டிருந்தார். நியாயம்தான். சச்சின் சிறுவயதில் அண்ணன் அஜித்தின் பேட்டை வைத்து ஆடியவர். பேட் பெரிது, கை சிறிது. கை கீழே இறங்கியது, அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிடியோடே உலகின் அழகான ஸ்ட்ரெயிட் டிரைவை அடித்தார் என்பதும் உண்மை. உங்கள் மகன் அப்படிப் பிடித்தால் நான் முதலில் பார்ப்பது அவன் கையை அல்ல, பேட்டின் எடையை. மேல்கையால் மட்டும் பேட்டைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் நுனி தொங்கினால் பேட் அவனுக்குக் கனம். கனமான பேட்டைத் தூக்கக் கீழ்க்கை வந்துதான் தீரும், எத்தனை கோடாலி எடுத்தாலும்.

நம் பையனின் பேட் சரியான எடைதான். இரண்டு விரல் பிடியோடு இன்னொரு பன்னிரண்டு. இப்போது கேட்டுக்குள் போனவை ஆறு. மீதியும் இடப்பக்கம்தான், ஆனால் செருப்பை உரசுகிற தூரத்தில். மூன்று நிமிஷம் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கியிருந்தது.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு வேலை செய்தேன். பந்தைச் சுற்றிக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வளையம் வரைந்து, அந்த வளையம் கேட்டைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்படி கூம்பில் வைத்தேன். பேட் போன வழியும் முகம் பார்த்த திசையும் ஒன்றாக இருந்தால், வளையம் சைக்கிள் சக்கரம்போல ஆடாமல் உருளும். பேட் குறுக்கே அறுத்துக்கொண்டு போனால் பக்கவாட்டுச் சுழல் ஏறி, கோணிப்போன சக்கரம்போல் வளையம் தள்ளாடும். பையனின் வளையம் தள்ளாடியது. ஆக இப்போது கோளாறு பிடியில் இல்லை, வீசும் வழியில்.

வழி ஏன் கோணுகிறது? பேட்டைத் தூக்கும்போதே இடது தோள் திறந்து, மார்பு பௌலரைப் பார்த்தது. சென்ற வாரம் அத்தனை பத்தி எழுதியது இதற்குத்தான். அவன் இடது தோளில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, “அடிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தப் புள்ளி கேட்டைப் பார்க்கணும்” என்றேன். அடுத்த பன்னிரண்டில் எட்டு உள்ளே. சட்டையைத் துவைக்க வேண்டிய அவன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டீயை ரொம்ப நம்பவும் வேண்டாம். பந்து எப்போது வரும் என்று கணிக்கிற வேலையே இதில் இல்லை. நாலைந்து நாள், தினம் இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் போனால் பையன் பந்தைப் பார்க்காமலே காலை ஒரே இடத்தில் நட்டுவிடப் பழகுவான், பிறகு கையிலிருந்து போடுகிற பந்துக்குக்கூட அதே இடத்தில் நடுவான். 57 கிராம் டென்னிஸ் பந்து தளர்ந்த பிடியையும் மன்னிக்கும். கிட்டத்தட்ட 160 கிராம் எடையுள்ள தோல் பந்து மன்னிக்காது.

கேட்டுக்குள் போகாத அந்த நான்கு பந்துக்கும் காரணம் முன்கால்தான் என்று சந்தேகம். ஆஃப் சைடு பக்கம் அதிகம் குறுக்கே போய்விடுகிறது. பேட் காலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அவன் கால் விழுந்த இடத்தைச் சாக்பீஸால் வரைந்து வைத்திருக்கிறேன், பன்னிரண்டு பாதங்கள், ஒன்றின் மேல் ஒன்று. அலுவலகத்திலிருந்து இரண்டாவது முறை போன் வந்துவிட்டது, பாதங்கள் அடுத்த வாரம். அதற்குள் யாராவது வீட்டில் முயன்று பார்ப்பதானால், கேட்டுக்குச் செருப்பு வையுங்கள், செங்கல் வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடி செங்கலில் பட்டுத் தெறித்த பந்தால்தான் போனது.

(தொடரும்)