கறுப்பு ஜீன்ஸ் வெளுத்தால், சுருங்கினால்: சலவையும் சட்டமும்

பிளாக்டவுன், செவன் ஹில்ஸ், டூங்காபி பக்கம் கடைகளிலும் உணவகங்களிலும் பகுதிநேர வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்குக் கறுப்பு ஜீன்ஸ்தான் சீருடை மாதிரி. வாரத்துக்கு நாலு நாள் போட்டு, நாலு நாளும் துவைத்து, மூன்றே மாதத்தில் முழங்கால் பழுப்பாகி, நீளம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். கடைக்காரரிடம் கேட்டால் "துவைத்த விதம் சரியில்லை" என்பார். சில சமயம் அது உண்மை. சில சமயம் இல்லை. எது எப்போது உண்மை என்று தெரிய, சாயம் துணியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீல ஜீன்ஸில் பாவு நூலுக்கு மட்டும் அவுரிச் சாயம் ஏற்றுவார்கள், ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் உள்பக்கம் வெளிறித் தெரிகிறது. அந்தப் பாவு நூலிலும் சாயம் நடு வரைக்கும் போவதில்லை. மேல்வளையத்தோடு நின்றுவிடுகிறது, நூலின் நடுப்பகுதி வெள்ளைதான். அவுரி பருத்தியோடு வேதிப்பிணைப்பு எதையும் ஏற்படுத்திக்கொள்வதில்லை. இழைகளுக்கு இடையில் துகளாகப் படிந்து கிடக்கிறது. உரசினால் உதிர்கிறது, உதிர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. திண்டிவனம் பக்கம் செடியிலிருந்து எடுக்கும் நீலமும், ஆலையில் செய்யும் நீலமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். கறுப்பு ஜீன்ஸுக்குப் பெரும்பாலும் கந்தகச் சாயம் போடுவார்கள். அதற்கு முதல் பகை பிளீச். குளோரின் பட்டால் கறுப்பு பழுப்பாக மாறும், மாறியது திரும்பாது.

ஆகவே நிறத்தைக் கெடுப்பவை உரசல், சூடு, பிளீச். நம் கையில் இருப்பதும் இந்த மூன்றுதான்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் கைவிட மறுக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுத் துணியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று அம்மாக்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாயத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் ஏற்றும்போது சில வகைச் சாயங்களுக்கு உப்பு உதவும். தைத்து விற்பனைக்கு வந்துவிட்ட ஜீன்ஸில் உதிரக் காத்திருக்கும் அவுரியை உப்பு பிடித்து நிறுத்தாது, வினிகரும் நிறுத்தாது. இதனால் கெடுதல் பெரிதாக இல்லை, பலன்தான் இல்லை. ஆனால் வினிகரை பிளீச்சோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். சின்ன லாண்டரி அறையில் கதவை மூடிக்கொண்டு இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து.

உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கச் சொல்வதன் காரணம் இப்போது தானாக விளங்கும். மெஷின் டிரம்மிலும் மற்றத் துணிகளிலும் உரசுவது அந்த வெளிறிய உள்பக்கமாக இருக்கட்டும், சாயம் உள்ள முகம் உள்ளே பத்திரமாக இருக்கட்டும். ஜிப்பை இழுத்து, பொத்தானைப் போட்டுவிட்டுத் திருப்புங்கள். திறந்த ஜிப்பின் பற்கள் துணியைச் சுரண்டும்.

தண்ணீர் குளிர்ந்ததாக, அதிகம் போனால் 30 டிகிரி. சூடான நீரில் பருத்தி இழை நன்றாக ஊதும். இழை ஊதினால் சாயத் துகள் கழன்று வரும், நெய்தபோது இழுத்துப் பிடித்த நூல் தளர்ந்து சுருங்கவும் செய்யும். பல ஃப்ரன்ட் லோடர்களில் 'காட்டன்' என்று வைத்தால் தானாக 40 டிகிரிக்குப் போய்விடும், நேரமும் நீளம். ஒவ்வொரு தடவையும் வெப்பத்தைக் கையால் குறைத்து, 'டெலிகேட்' அல்லது 'டார்க்ஸ்' போன்ற குறுகிய ஓட்டத்தை வையுங்கள். டிரம்மை அடைத்துத் திணிக்கக் கூடாது. திணித்தால் ஜீன்ஸ் மடிந்த நிலையிலேயே உருளும். அந்த மடிப்பின் முனை மட்டும் உரசி, தொடையில் நெடுக வெள்ளைக் கோடு விழும். பாதி டிரம் போதும்.

சோப்பில் கவனிக்க வேண்டியது அதன் உள்ளடக்கம். வெள்ளைத் துணிக்கென்று விற்கும் தூள்களில் ஆக்சிஜன் பிளீச்சும், வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டும் பொருள்களும் இருக்கும். இவை இரண்டும் கறுப்பை மங்கலாக்கும். கருநிறத் துணிக்கான லிக்விட் வாங்குங்கள். சிட்னி குழாய் நீர் கடின நீர் அல்ல, ஆகவே டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதியே பெரும்பாலும் போதும். அடுக்குமாடி வீடுகளின் பொது லாண்டரியில் துவைப்பவர்கள், முன்னால் துவைத்தவர் பிளீச் போட்டிருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, டிராயரை ஒரு பார்வை பார்த்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓடவிட்ட பிறகு உங்கள் துணியைப் போடுவது நல்லது.

சுருக்கத்தில் ட்ரையருக்குப் பெரிய பங்கு உண்டு. சூட்டில் உருண்டு உருண்டு நூல் இன்னும் நெருங்கிக்கொள்ளும். எலாஸ்டேன் கலந்த, இழுபடும் வகை ஜீன்ஸாக இருந்தால் அந்த இழுவையே செத்து, முழங்காலில் பை மாதிரித் தொங்கும். மெஷினிலிருந்து எடுத்ததும் ஈரமாக இருக்கும்போதே காலின் ஓரத் தையலைப் பிடித்து நீளவாட்டில் மெதுவாக இழுத்துவிட்டு, திருப்பிய நிலையிலேயே கொடியில் நிழலில் போடுங்கள். மேற்கு சிட்னியின் கோடை வெயில் சாயத்தைத் தின்னும். 2020 ஜனவரி 4 அன்று பக்கத்துப் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் வெட்டவெளிக் கொடியில் நாள் முழுக்கக் கிடக்கும் கறுப்பு ஜீன்ஸ், துவைப்பதால் இழக்காத நிறத்தையும் இழக்கும்.

இத்தனையும் செய்தும் நிறம் போனால், ஏன் போனது என்பதைத் துணியே காட்டிக்கொடுக்கும். தையல் விளிம்பிலும் மடிப்பிலும் மட்டும் வெள்ளைக் கோடு என்றால் அது உரசல். ஆங்காங்கே செம்பழுப்புப் புள்ளி என்றால் பிளீச் பட்டிருக்கிறது. சாம்பல் பூத்த மாதிரிப் பட்டை தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மறைந்தால் அது கரையாமல் தங்கிய சோப்புத்தூள், குளிர்கால நீரில் இது சகஜம், மறுபடி அலசினால் சரியாகிவிடும். இவை எதுவும் இல்லாமல், சொன்னபடி துவைத்தும் ஓரிரு சலவையில் துணி முழுக்க ஒரே சீராக வெளுத்துப் போயிருந்தால், சந்தேகம் துணியின் மேல் திரும்ப வேண்டும்.

இங்கேதான் சட்டம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் விற்கும் உடையில் பராமரிப்பு லேபிள் கட்டாயம். 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, கடை விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தை அளக்கும்போது பொருளின் தன்மை, விலை, லேபிளில் எழுதியிருப்பது எல்லாம் கணக்கில் வரும். ஆகவே 'சாயம் படியலாம், தனியாகத் துவைக்கவும்' என்று லேபிள் எச்சரித்திருந்தால், முதல் சலவையில் நீலத் தண்ணீர் வந்ததற்காகக் கடையைக் குறை சொல்ல முடியாது. லேபிளுக்கு மாறாகச் சூடான நீரில் துவைத்து ட்ரையரில் போட்டவருக்கும் உரிமை பலவீனமாகிவிடும். எச்சரிக்கையே இல்லாத ஜீன்ஸ் வெளிர்நிறத் தோல் சோபாவில் நீலக்கறை போட்டுவிட்டால் நிலைமை வேறு. எதிர்பார்க்கக்கூடிய சேதத்துக்கும் இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் வாடகை வீட்டுச் சோபாவில் உட்காரும் முன், ஈர வெள்ளைக் கைக்குட்டையால் ஜீன்ஸின் தொடையில் பத்துத் தடவை தேய்த்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 90 டாலருக்கு ஒரு கறுப்பு ஜீன்ஸ் வாங்குகிறீர்கள். லேபிளில் 'குளிர்நீரில் மெஷின் சலவை, ட்ரையர் வேண்டாம்' என்று இருக்கிறது. முதல் சலவைக்கு முன்பே லேபிளையும் ரசீதையும் கைபேசியில் படம் எடுங்கள். ஜீன்ஸைத் தரையில் விரித்து, கவட்டுத் தையலிலிருந்து காலின் உள்பக்கமாக அடி வரை டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுங்கள். 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லேபிள்படி இரண்டு முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்கும்போது 78 வந்தால், சுருக்கம் நூற்றுக்கு இரண்டரை. ஆலையிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கிவிடும் 'சான்ஃபரைஸ்' முறையில் வந்த டெனிமிலும் ஓரளவு சுருக்கம் மிச்சம் இருக்கும் என்பதால் இதற்குச் சண்டை பிடிக்க மாட்டேன். அதே கால் 75 ஆகியிருந்தால் நூற்றுக்கு ஆறுக்கு மேல் போய்விட்டது. நெய்த பின் துவைக்காத, முன்கூட்டிச் சுருக்காத 'ரா' வகை என்று விற்றிருந்தால் ஒழிய, இது குறை என்று வாதாட உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. எத்தனை விழுக்காடு என்று சட்டம் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் டேப்போடு எடுத்த படத்துக்கு இத்தனை மதிப்பு.

குறை பெரியது என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று வாங்குவதா என்பதை முடிவு செய்வது நீங்கள்தான், கடை இல்லை. சிறிய குறை என்றால் சரிசெய்து தரும் வாய்ப்பைக் கடைக்குக் கொடுக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை வைத்தாலும் இந்த உரிமை போகாது. 'தயாரிப்பாளரைப் போய்க் கேளுங்கள்' என்று கடை கைகழுவவும் முடியாது. ரசீது தொலைந்திருந்தால் வங்கி அறிக்கையில் அந்தக் கட்டணம் இருக்கும் வரியே போதும். ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு தவறு என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் உதவாது. அது கடையின் சொந்த விதிப்படிதான்.

முதலில் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். படங்களை இணைத்து, எந்தத் தேதியில் வாங்கினீர்கள், எப்படித் துவைத்தீர்கள், என்ன வேண்டும் என்று நாலு வரி போதும். மறுத்தால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில், 13 32 20 என்ற எண்ணில், புகார் செய்யலாம். அவர்கள் கட்டணமில்லாமல் கடையோடு பேசிச் சமரசம் செய்ய முயல்வார்கள். அதிலும் தீரவில்லை என்றால், சிறிய கட்டணம் கட்டி மாநிலத்தின் சிவில் தீர்ப்பாயமான என்கேட்டுக்குப் போகலாம், பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கும் பெரியவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் வேண்டும் என்று கேட்டு, அவர்கள் மூலமாகவே பேசலாம். ஜீன்ஸைத் துவைக்கக் கொடுத்த சலவைக் கடை அதைக் கெடுத்திருந்தாலும் வழி இதேதான். வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டியது அவர்களின் கடமை.

ஊருக்குப் போனபோது தி.நகரில் வாங்கி வந்த ஜீன்ஸுக்கு இந்த வழி கிடையாது. அதற்கு இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அந்தக் கடையின் பில்லும்தான் துணை. பெட்டியில் அடுக்கும்போது பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.