சும்மா நிற்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே வண்டி போய்வர விட்டிருக்கும் பாதைதான் மைதானம். 16 தப்படி நீளம், 5 தப்படி அகலம். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை எட்டுப் பிள்ளைகள். ஒரு மட்டை, ஒரு டென்னிஸ் பந்து. ஸ்டம்புக்குக் காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன்.

"சரி, ரெண்டு டீமா பிரிஞ்சு ஆடுங்கடா" என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெருவில் ஆடி வளர்ந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மட்டையின் சொந்தக்காரன் முதலில் இறங்குவான். அவுட்டானால் "அது ட்ரையல் பால்" என்பான். பெரியவர்கள் இருவர் மாறி மாறிப் பந்து போடுவார்கள். ஏழு வயதுக்காரர்கள் உப்புக்குச் சப்பாணியாகக் காருக்கு அடியில் படுத்துப் பந்தைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பந்து போட்டு, அடித்து, தேடி எடுத்துவர அரை நிமிடம் என்று வைத்தால் 45 நிமிடத்தில் 90 பந்து. சமமாகப் பங்கு போட்டாலும் தலைக்கு 11தான் வரும். சமமாகப் பங்கு போடுவதில்லை என்பதால் சின்னவர்களுக்கு இரண்டோ மூன்றோ வரும், அதிலும் ஒன்று போல்டு. ஆகவே, சொல்லிக்கொடுக்க வருகிறவர் முதலில் குறைக்க வேண்டியது பிள்ளைகள் சும்மா நிற்கும் நேரத்தை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் முதல் பத்து நிமிடம் மட்டையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. நான்கு நான்கு பேராக எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவே ஆறு தப்படி இடைவெளி. முதலில் நிற்பவள் கைக்கீழாகப் பந்தை எறிந்துவிட்டு ஓடி எதிர் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பிடித்தவன் திருப்பி எறிந்துவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருவான். ஒரே பந்துதான், ஆனால் எறிந்தவர் ஓடுகிறார், பிடித்தவர் எறியத் தயாராகிறார், அடுத்தவர் முன்னே வருகிறார். கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வந்துவிடுகிறது.

டென்னிஸ் பந்தைப் பிடிப்பது எளிது என்று நினைப்பவர்கள் பிடித்துப் பார்க்கவில்லை. கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்து 60 கிராமைக்கூடத் தொடாது. வலிக்காது, ஆனால் ரப்பர். கையை விறைப்பாக நீட்டினால் உள்ளங்கையில் பட்டுத் துள்ளி வெளியே போய்விடும். பார்க்கவே வேண்டாம், கேட்டாலே தெரியும். "பட்" என்று அறைச்சத்தம் வந்தால் கை விறைப்பு. சத்தமே வராவிட்டால் கை பந்தோடு சேர்ந்து வயிற்றை நோக்கிப் பின்வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளிடம் "சத்தம் வராம பிடிங்க" என்று மட்டும் சொல்கிறேன். நெஞ்சுக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், மேலே வந்தால் வானத்தை. பந்தை நேராக விரல் நுனியால் குத்த வந்தால் விரல் மடங்கிக்கொள்ளும்.

அதன் பிறகு மட்டை. தரையில் முதலில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுகிறேன், நடுவிலிருந்து மூன்று தப்படி. மட்டை பிடித்தவர் மட்டும்தான் வட்டத்துக்குள். பந்து உள்ளேயே நின்றுவிட்டாலும் மட்டையைத் தரையில் வைத்த பிறகுதான் இன்னொருவர் நுழையலாம். கண்ணில் படாதவரை டென்னிஸ் பந்தால் பெரிய ஆபத்தில்லை. பின்னால் நிற்கும் குழந்தையின் வாயில் மட்டை பட்டால் பல் போய்விடும். இந்த ஒரு விதிக்கு மட்டும் நான் சிரிப்பதில்லை. நம் பாதை 5 தப்படி அகலமே என்பதால் வட்டம் இரு பக்கமும் கார்களில் முட்டும். அந்தக் கார்களை ஒட்டி யாரும் நிற்கக் கூடாது.

பந்து வீசுவது இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம். புதிதாக வந்த குழந்தைக்கு இன்னொரு புதுக்குழந்தை பந்து போட்டால் ஆறில் ஒன்று மட்டைக்குப் பக்கத்தில் வந்தால் அதிசயம். எனவே நான் மட்டைக்கு ஒரு தப்படி முன்னால், சற்றுத் தள்ளி முட்டி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிப் பந்தைக் கீழே விடுகிறேன். எறிவதில்லை, விடுகிறேன். 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது டென்னிஸ் பந்துக்கு உள்ள விதி, அதாவது விட்ட உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே. என் தோள் உயரத்திலிருந்து விட்டால் குழந்தையின் முட்டி அளவுக்கு எழும். எழுந்து, ஒரு கணம் நின்று, இறங்கும். அந்தக் கணத்தில் அடிக்க வேண்டும். எட்டுத் தப்படி தள்ளி இரண்டு செருப்பை நான்கடி இடைவெளியில் வைத்தால் அதுதான் வாசல். தரையோடு அதன் வழியே அனுப்ப வேண்டும். வாசலுக்குப் பின்னால் நிற்பவர்கள் பந்தை எறியாமல் உருட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு பந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எட்டுப் பேரும் முடித்துவிடுவார்கள்.

மூன்றாம் மாடியிலிருந்து வரும் ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் முதல் ஆறு பந்தைச் சொல்கிறேன். முதல் மூன்றும் வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகத் துடைப்பத்தால் பெருக்குவதுபோல. ஒன்றில் மட்டும் பட்டு, இடப்பக்க ஸ்கூட்டருக்கு அடியில் போனது. "நேரா அடிம்மா" என்றேன். நேராக அடிக்க அவளுக்கு ஆசையில்லாமல் இல்லை. மட்டை பெரிய பையனுடையது. மேல்கையால் மட்டும் மட்டையை நேரே நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். நான்கிலேயே மட்டையின் நுனி இறங்கிவிட்டது. கனம் தாங்காத குழந்தை கீழ்க்கையால் மட்டையை இழுக்கும். இழுத்தால் அது நேராக வராது, சுற்றித்தான் வரும். இதில் அவள் தப்பு எதுவும் இல்லை.

மட்டை ஒன்றுதான், மாற்ற முடியாது. பிடியை மாற்றலாம். மட்டையின் முகம் தரையைப் பார்க்கும்படி படுக்க வைத்து, கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி, விறகு வெட்டக் கோடரியை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுக்கச் சொன்னேன். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் 'வி' வடிவம் ஒரே கோட்டில் வந்தது. பிறகு இரண்டு கையையும் சேர்த்தே கைப்பிடியின் அடிப்பாகத்துக்கு இறக்கினேன். மட்டையின் கனம் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தூக்குவது எளிது. கடைசியாக, கீழ்க்கையைக் கட்டைவிரல், இரண்டு விரல் என்று மட்டும் வைத்துத் தளர்த்தச் சொன்னேன். ஐந்தாவது பந்து வலது செருப்பில் இடித்தது. ஆறாவது வாசலுக்குள் போனது. "அங்கிள், இது நாலா?" என்றாள்.

(தென்னை மட்டையைச் செதுக்கி ஆடியவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. கனமும் பிடியும் அவரவர் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம். கிரிக்கெட் பேட்டை நாம் 'மட்டை' என்று சொல்வது சும்மா இல்லை.)

இனி பந்து வீச்சு. ஓடிவந்து போடுவது இன்றைக்கு வேண்டாம். நின்ற இடத்திலேயே, பக்கவாட்டில். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் மாங்காய்தான் அடிப்பார்கள், முழங்கையை மடக்கி எறிவார்கள். "கையை மடக்காதே" என்று பத்துத் தடவை சொல்வதைவிடச் சுவர் நன்றாகச் சொல்லும். வீசும் கைப் பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுவரை ஒட்டி நிற்க வைத்து, பந்தில்லாமல் கையைச் சக்கரம்போலச் சுற்றச் சொல்லுங்கள். கை காதை உரசிக்கொண்டு போக வேண்டும். முழங்கை மடங்கி வெளியே வந்தால் சுவரில் இடிக்கும். காத்திருக்கும் நேரத்தில் நான்கு பேர் வரிசையாகச் சுவரோரம் சுற்றிக்கொண்டே இருக்கலாம், இதற்குப் பந்து தேவையில்லை.

பந்து கைக்கு வந்ததும் 10 தப்படி தூரத்திலிருந்து. முழு ஆடுகளம் 22 கஜம், ஏறக்குறைய 20 மீட்டர். நம்மிடம் அவ்வளவு இடம் இல்லை என்பது இங்கே நல்லதாகிவிடுகிறது. எட்டு வயதுத் தோளுக்கு அது எட்டாது, எட்ட வைக்கத்தான் எறிகிறார்கள். கேனுக்கு மூன்று தப்படி முன்னால் சாக்பீஸில் ஒரு சதுரம், பந்து அதில் குத்த வேண்டும். தவறு எங்கே என்பதைப் பந்தே காட்டிக்கொடுக்கும். தலைக்கு மேலே பறந்தால் கையிலிருந்து சீக்கிரம் விட்டுவிட்டான். தன் காலடியிலேயே குத்தினால் தாமதமாக விட்டிருக்கிறான். "இன்னும் கொஞ்சம் முன்னாடி", "இன்னும் கொஞ்சம் லேட்டா" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் முதல் நாளில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி 20 நிமிடம் ஆட்டம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் என்று நான்கு ஜோடி பிரிக்கிறேன். ஒவ்வொருவரும் ஆறு பந்து சந்திக்க வேண்டும், ஆறு பந்து போட வேண்டும். மொத்தம் 48 பந்து. அவுட்டானால் வெளியே போக வேண்டியதில்லை. ஜோடியின் கணக்கில் மூன்று ரன் குறையும், ஆட்டம் தொடரும். மட்டை ஒன்று என்பதால் இரு முனையும் மாறி ஓடுவது குழப்பம். அடித்தவர் மட்டையோடு ஐந்து தப்படி தள்ளியிருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு ரன். செருப்பு வாசல் வழியே தரையோடு போனால் நான்கு. எந்தக் காரிலாவது நேரே பட்டால் அவுட். பெரியவன் ஒருவன் முதல் நாள் இதற்கு முகம் தூக்கிக்கொண்டான். ஆறு பந்தோடு முடிந்துவிடுகிறதே என்று. இரண்டாவது வாரம் அவன் ஜோடிக்காரச் சின்னப் பையனுக்குப் பிடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் அவுட்டானால் மூன்று ரன் போவது இவனுக்கும்தானே.

இந்த இடமும் இந்தப் பந்தும் கற்றுத்தராதவையும் உண்டு. நேராக அடிப்பதற்குத்தான் இங்கே ரன் என்பதால், கட், புல் இரண்டும் இங்கே வராது. உயரக் கேட்ச்சுக்கு மேலே கான்கிரீட். புதுப் பந்து மேலெழும்பி வருவதால் நெஞ்சு உயரத்தில் குறுக்கே சுற்றும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் தோல் பந்துக்குப் போகும்போது அது இடிக்கும். அதற்காகவே புதுப் பந்தைவிட மயிர் உதிர்ந்து வழுக்கையான பழைய பந்தை நான் விரும்புகிறேன், அது தணிந்து வரும். பந்தைத் தண்ணீரில் நனைத்தாலும் தணியும், ஆனால் எல்லார் சட்டையிலும் கறை விழும். அம்மாக்களிடம் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

சுழற்பந்துக்கு மட்டும் இந்தப் பந்து வஞ்சகம் செய்வதில்லை. மெத்தென்றிருப்பதால் நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே அமுக்கிச் சொடுக்கிவிடலாம். அஸ்வின் டெஸ்ட் மைதானங்களிலும் போட்ட கேரம் பந்துக்குச் சென்னைத் தெருவில் பெயர் 'சொடக்கு பால்'. பத்து வயதுக்காரன் எவனாவது தானாகவே அதைப் போட்டுப் பார்ப்பான். தடுக்காதீர்கள், சதுரத்தில் குத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

8 மணிக்கு வெள்ளைக் காரின் சொந்தக்காரர் சாவியோடு கீழே வருவார். அப்போது யாராவது ஒருவன் அந்தக் காருக்கு அடியில்தான் படுத்திருப்பான்.