டயட்டுக்கு நடுவே ஓர் இடைவேளை

எடை குறைப்பதற்காக மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டு வருபவர், நடுவில் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு உணவைச் சற்று உயர்த்தி, எடை கூடவும் கூடாமல் குறையவும் குறையாமல் நிறுத்தி வைப்பதை டயட் இடைவேளை என்கிறார்கள். இதையே ஓரிரு நாட்களுக்கு மட்டும், பெரும்பாலும் மாவுச்சத்தைக் கூட்டிச் செய்தால் அது ரீஃபீட் நாள். இரண்டிலும் உணவு உயர்வது ஒரு வரம்பு வரைதான். உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரிக்குச் சமமாக, அதாவது எடை நிலைத்து நிற்கும் அளவுக்கு உண்பதே அந்த வரம்பு. இதை நிலை அளவு என்று குறிப்பிடலாம். வரம்பில்லாமல் விரும்பியதைச் சாப்பிடும் விடுமுறை நாள் வேறு; அதை இந்த முறையோடு சேர்த்துப் பேச முடியாது.

இடைவேளை தேவைப்படுவதற்குக் காரணம் உடலின் தற்காப்பு. உடல் எடை குறையும்போது செலவாகும் கலோரியும் குறைகிறது. சிறிய உடலை இயக்கக் குறைந்த ஆற்றல் போதும் என்பது இதில் ஒரு பகுதி. அந்தக் கணக்குக்கும் மேலாகச் சிறிதளவு செலவை உடல் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதால் பசி கூடுகிறது. நடப்பது, எழுவது, கைகால் அசைப்பது போன்ற சின்னச் சின்ன அசைவுகளும் அவரறியாமலே குறைகின்றன. ஆகவே நான்காம், ஐந்தாம் மாதத்தில் அதே உணவில் எடை குறையும் வேகம் தளர்வது இயல்பு.

ஆய்வுகள் சொல்வது

இந்தத் துறையின் முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று வேறொரு நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டது. எடை குறைப்பவர்கள் பாதியில் கைவிடுவது ஏன் என்பதை அறிய, அமெரிக்காவில் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 142 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. சிலரை ஆறு வாரம் ஒரே மூச்சாகவும், சிலரை இரண்டு வாரம் வீதம் மூன்று முறையும் எடை குறைக்கும் முயற்சியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. இடைவேளைக்குப் பின் அவர்கள் முயற்சியைத் தொடர்ந்தார்கள். முடிவில் இடைவிடாமல் டயட் இருந்தவர்களுக்கும் அவர்களுக்கும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை.

அதிகம் பேசப்படுவது, ஆஸ்திரேலியாவில் நியூவாலா பைர்ன் தலைமையில் நடந்து 2017-இல் வெளியான மேட்டடார் ஆய்வு. உடல் பருமன் உள்ள 51 ஆண்கள் இதில் சேர்ந்தனர். இரு குழுவினரும் தங்கள் நிலை அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மொத்தம் 16 வாரங்கள் உண்டார்கள். ஒரு குழு அதைத் தொடர்ச்சியாகச் செய்தது. மற்றக் குழு இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் நிலை அளவு என்று மாற்றி மாற்றிச் செய்தது. முழுமையாகக் கடைப்பிடித்தவர்களில், தொடர்ச்சியான குழு சராசரியாக 9.1 கிலோ குறைத்தது. இடைவேளைக் குழு 14.1 கிலோ குறைத்தது. ஓய்வு நிலையில் உடல் செலவிடும் கலோரியும் இடைவேளைக் குழுவில் குறைவாகவே சரிந்தது.

இந்த முடிவைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் கொள்ள வேண்டும். இடைவேளைக் குழுவுக்கு அதே 16 டயட் வாரங்களை முடிக்க 30 வாரங்கள் ஆயின. கலந்துகொண்டவர்களுக்கு உணவை ஆய்வுக் குழுவே வழங்கியது என்பது மற்றொன்று. தானே சமைத்து, தானே அளந்து உண்பவருக்கு இடைவேளை வாரத்தில் கை மீறும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து வந்த ஆய்வுகள் அந்தப் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஜாக்சன் பியோஸ் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஐஸ்கேப் ஆய்வில், எடைப் பயிற்சி செய்யும் 61 பேர் பங்கேற்றனர். ஒரு குழு 12 வாரம் இடைவிடாமல் டயட் இருந்தது. இன்னொன்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு வார இடைவேளை எடுத்து 15 வாரத்தில் முடித்தது. குறைந்த கொழுப்பு, காத்த தசை, ஓய்வு நிலைச் செலவு ஆகிய மூன்றிலும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இடைவேளை எடுத்தவர்களுக்குப் பசியும் உண்ணும் வேட்கையும் குறைவாக இருந்தன.

ரீஃபீட் நாட்களுக்கான ஆதாரம் இதைவிடச் சிறியது. பில் கேம்பெல் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஏழு வார ஆய்வில், எடைப் பயிற்சி செய்யும் 27 பேர் இருந்தனர். வாரத்தில் ஐந்து நாள் கூடுதலாகக் குறைத்து, இரண்டு நாள் மாவுச்சத்தைக் கூட்டி நிலை அளவுக்கு உண்டவர்கள் கொழுப்பில் மற்றவர்களைப் போலவே இழந்தார்கள். தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையைச் சற்றுக் கூடுதலாகக் காத்தார்கள். 27 பேரை வைத்து உறுதியான விதி எதுவும் வகுக்க முடியாது. மாவுச்சத்து கூடும்போது லெப்டின் உயர்வது உண்மை. டயட்டுக்குத் திரும்பியதும் அது மறுபடி தாழ்ந்துவிடும். ஆகவே ஒரு நாள் ரீஃபீட் உடலின் ஆற்றல் செலவை மீட்டெடுத்துவிடும் என்று நம்ப இடமில்லை.

சேர்த்துப் பார்த்தால், இடைவேளையால் கொழுப்பு கரையும் வேகம் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பசியைத் தணித்து, நீண்ட டயட்டைக் கைவிடாமல் முடிக்க அது உதவும். அளவோடு எடுத்தால் இழப்பும் இல்லை. கொடுக்கும் விலை நாட்காட்டியில் கூடும் வாரங்கள் மட்டுமே.

நிலை அளவைக் கண்டுபிடித்தல்

இடைவேளையின் வெற்றி, நிலை அளவைச் சரியாகக் கணிப்பதில் இருக்கிறது. டயட் தொடங்கும்போது போட்ட கணக்கு இப்போது பொருந்தாது, உடல் சிறுத்துவிட்டது. கடைசி நான்கு வாரப் பதிவிலிருந்து கணக்கிடுவதே நம்பகமானது.

84 கிலோவில் தொடங்கி, 16 வாரங்களில் 76 கிலோவுக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் நாளொன்றுக்குச் சராசரியாக 1600 கலோரி உண்கிறார். கடைசி நான்கு வாரங்களில் குறைந்தது 1.2 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்குச் சமம். எனவே 1.2 கிலோவுக்கு 9240 கலோரி. அதை 28 நாட்களால் வகுத்தால் நாளுக்கு 330. அவருடைய இன்றைய நிலை அளவு 1600 உடன் 330 சேர்ந்து 1930 கலோரி. அவர் பதிவு செய்யும்போது எண்ணெயையோ சர்க்கரையையோ குறைத்து எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு பயன்படும். இடைவேளையிலும் அதே பழக்கத்தில்தான் அளக்கப் போகிறார்.

330 கலோரி என்பது பெரிய விருந்தல்ல. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு கூடுதலாக உண்டால் ஏறக்குறைய சரியாகிவிடும். புரதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதல் கலோரியைப் பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து எடுப்பது வழக்கம். உடற்பயிற்சிக்குத் தெம்பு தருவது அதுதான்.

கால அட்டவணை

எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்பதற்கு ஆய்வில் நிறுவப்பட்ட ஒரே விடை இல்லை. நடைமுறையில், எடை அதிகம் உள்ளவர்கள் 8 முதல் 12 வார டயட்டுக்குப் பின்னும், ஏற்கெனவே மெலிந்தவர்கள் 4 முதல் 8 வாரத்துக்குப் பின்னும் ஓர் இடைவேளை எடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் முடியும் டயட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நான்கு மாதம் கடந்தவருக்கு இரண்டு வாரம் பொருத்தமான நீளம். பொங்கல், திருமணம், பயணம் என்று உணவைக் கட்டுப்படுத்துவது கடினமான நாட்களை அந்த இரண்டு வாரத்துக்குள் வருமாறு அமைத்தால் கூடுதல் வசதி.

மேலே சொன்னவர் முதல் நாளே 1930-க்கு உயர்த்தலாம். முதல் மூன்று, நான்கு நாட்களில் எடைக்கருவி ஒரு கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டக்கூடும். அது கொழுப்பல்ல. தசையும் ஈரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்கிறது. குடலில் இருக்கும் உணவின் எடையும் கூடுகிறது. பலர் இந்த ஏற்றத்தைக் கண்டு பயந்து மூன்றாம் நாளே இடைவேளையை முறித்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் எடை பார்த்து, முதல் வாரத்தின் கடைசி நான்கு நாள் சராசரியை இரண்டாம் வாரத்தின் கடைசி நான்கு நாள் சராசரியுடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கணிப்பு சரி. அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் உணவு நிலை அளவைத் தாண்டுகிறது. நாளுக்கு 100 முதல் 150 கலோரி குறைக்கலாம்.

இடைவேளை முடிந்து 1600-க்குத் திரும்பிய முதல் வாரத்தில் எடை விறுவிறுவென இறங்கும். அதுவும் நீர்தான். உண்மையான வேகத்தை அறிய இரண்டாம் வாரத்திலிருந்து கணக்கிட வேண்டும்.

ரீஃபீட் நாட்களை விரும்புபவர் வாரத்தின் மொத்தத்தைக் காக்க வேண்டும். இதே நபர் சனி, ஞாயிறு 1930 கலோரி உண்டால், மற்ற ஐந்து நாட்களில் 1450 வைத்துக்கொள்ளலாம். வாரச் சராசரி 1600-ஐ ஒட்டியே நிற்கும். எடைப் பயிற்சியில் கடினமான நாளை ஒட்டி ரீஃபீட்டை வைப்பது வழக்கம். ரீஃபீட் தவறுவது எண்ணெயிலும் இனிப்பிலும்தான். ஐந்து நாள் 1600 உண்டு சேர்த்த குறைவு 1650 கலோரி. இரண்டு நாட்களில் நிலை அளவுக்கு மேல் தலா 825 கலோரி போனால் அந்த வாரத்தின் உழைப்பு முழுவதும் கரைந்துவிடும். ஒரு பிரியாணியும் இனிப்பும் அதற்குப் போதும். மூன்று வாரம் தொடர்ந்து எடையின் வாரச் சராசரி அசையாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு நாட்களை.

யாருக்குப் பொருந்தாது

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கட்டுப்பாடின்றி உண்டுவிட்டு வருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு ரீஃபீட் நாள் அதே சுழலைத் தூண்டக்கூடும். அவர்களுக்குத் தினமும் சீரான உணவே பாதுகாப்பு. பல வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்தவர் திடீரென மாவுச்சத்துக்குத் திரும்புவது இரத்தத்தின் தாது உப்புகளைக் குலைக்கும் என்பதால், அந்த மாற்றம் மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். டயட்டில் மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு இரண்டு வார இடைவேளை தீர்வாகாது. அவர்கள் டயட்டையே நிறுத்தி, மாதக்கணக்கில் நிலை அளவிலோ அதற்கு மேலோ உண்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.