ஆய்வேட்டின் முன்சுருக்கம்: காஞ்சிபுரம் நெசவுத் தொழிற்சொல் ஏடு ஒன்றை முன்வைத்து ஒரு விளக்கம்

முதுகலை மாணவர் அளிக்கும் செயல்திட்ட ஏட்டைப் புறத்தேர்வாளர் பெரும்பாலும் முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம் வரை வரிசையாகப் படிப்பதில்லை. வாய்மொழித் தேர்வுக்கு முன்னர்ப் பல ஏடுகள் ஒருசேர அவர் கைக்கு வருகின்றன. ஏட்டின் தொடக்கத்தில் அமையும் ஓரிரு பக்கச் சுருக்கத்தையே அவர் முதலில் நோக்குகிறார். எந்த இயலைக் கூர்ந்து படிப்பது, எதை வினவுவது என்பவற்றை அதைக்கொண்டே முடிவு செய்கிறார். மேலாண்மைத் துறையினர் நிர்வாகச் சுருக்கம் என வழங்கும் இதனை இக்கட்டுரை முன்சுருக்கம் என்று குறிக்கிறது.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நூலின் முன்னே நிற்பது எதுவாயினும் அதனைப் பாயிரமாகக் கருதும் பழக்கம் நம்மிடம் ஆழமானது. பவணந்தியார் நன்னூலில் சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாகக் கூறும் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் நூலுக்குள் புகுவோர்க்கு வழிகாட்டுவன. நூல் எதைப் பற்றியது என்பதை இவை அறிவிக்கும். நூல் எதைக் கண்டது என்பதை அறிவிப்பதில்லை. இலக்கணநூலுக்கு அதுவே போதும், அதனைப் பயில்வோர் நூல் முழுவதையும் பாடங்கேட்டே தீர்வர். தேர்வாளர் நிலை வேறு. அவருக்கு முதலில் வேண்டுவது கண்டுபிடிப்பு. எனவே முன்சுருக்கத்திற்கு மரபில் நெருங்கிய உறவு பாயிரம் அன்று. உரைவகைகளுள் கருத்துரை எனப்படுவதே ஆகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பின்வரும் ஏடு விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டது. அதன் எண்களும் பக்கங்களும் மாதிரியே. நெசவு பற்றிய செய்திகள் மட்டும் காஞ்சிபுரத்து நடைமுறையைச் சார்ந்தவை.

‘காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் தொழிற்சொற்கள்’ என்பது ஏட்டின் தலைப்பு. பக்கங்கள் 92. முதல் இயல் 18 பக்கங்களில் காஞ்சியின் வரலாறு, கோயில்கள், 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு முதலியவற்றைக் கூறுகிறது. இரண்டாம் இயல் முன்னாய்வுகளைத் தொகுக்கிறது. மூன்றாம் இயல் களப்பணி முறையை 6 பக்கங்களில் விளக்குகிறது. நான்காம் இயல் 312 தொழிற்சொற்களைப் பொருளுடன் 40 பக்கங்களில் நிரல்படுத்துகிறது. ஐந்தாம் இயல் அச்சொற்களை எவர் அறிவர், எவர் அறியார் என்று 12 பக்கங்களில் ஆராய்கிறது.

மாணவர் எழுதிய முதல் சுருக்கம் இவ்வாறு அமைகிறது:

“கோயில் நகரமாகிய காஞ்சிபுரம் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்றது. முதல் இயலில் நகரின் வரலாறும் நெசவின் தோற்றமும் கூறப்பட்டுள்ளன. இரண்டாம் இயலில் முன்னாய்வுகள் தொகுக்கப்பட்டுள்ளன. மூன்றாம் இயலில் ஆய்வு நெறிமுறைகள் விளக்கப்பட்டுள்ளன. நான்காம் இயலில் தொழிற்சொற்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஐந்தாம் இயலில் சொற்களின் வழக்கும் வழக்கொழிவும் ஆராயப்பட்டு முடிவுகள் தரப்பட்டுள்ளன.”

இதில் பிழையான தொடர் ஒன்றுமில்லை. தேர்வாளருக்குப் பயன்படும் தொடரும் ஒன்றுமில்லை. ‘முடிவுகள் தரப்பட்டுள்ளன’ என்ற தொடர் முடிவு இருக்கும் இடத்தைச் சுட்டிவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுகிறது. நன்னூலார் பத்துக்குற்றங்களுள் ஒன்றாக எண்ணும் ‘நின்று பயனின்மை’ இதற்குப் பொருந்தும். இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுருக்கத்தில் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்பதை நீக்கி ‘பத்தமடைப் பாய்’ என்று எழுதிப் பார்க்கலாம். அப்போதும் தொடர்கள் மாற்றமின்றி நிற்குமாயின் அவை எந்த ஏட்டைப் பற்றியும் எதையும் கூறவில்லை என்பது தெளிவு. மேற்கண்ட சுருக்கத்தில் முதல் தொடர் நீங்கலாக ஏனையவை அவ்வாறே நிற்கும்.

இக்குறையின் காரணம், மாணவர் ஏட்டின் அமைப்பைச் சுருக்கியிருப்பதே. அவர் சுருக்க வேண்டியது ஏட்டின் வாதம். வாதத்தைச் சுருக்க இறுதி இயலிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஐந்தாம் இயலின் மையக் கருத்தை முதலில் ஒரே தொடராக எழுதிக்கொண்டு, அத்தொடரை நம்புவதற்குத் தேர்வாளர் வேறு எவற்றை அறிய வேண்டும் என்று ஒவ்வோர் இயலையும் வினவுதல் வேண்டும்.

ஐந்தாம் இயலின் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ள நெசவு நுட்பம் சிறிது தேவை. காஞ்சிபுரத்துச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது அவற்றை ஊடையிலேயே பிணைத்து நெய்வது கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருடன் துணையாள் ஒருவரும் வேண்டும். உடற்பாவுடன் வேறு நிறமுள்ள முந்திப் பாவை இணைப்பது பேட்னி. இவ்விரண்டும் இன்றும் கைவினையாகவே உள்ளன. உருக்களை நெய்வதற்குப் பயன்பட்ட அடை என்னும் நூற்கட்டமைப்பின் நிலை வேறு. அதில் நூல்களை ஒருவர் இழுத்துக் கொடுக்க மற்றவர் நெய்தனர். துளையிட்ட அட்டைகளைக் கொண்ட ஜக்கார்டு பொறி வந்தபின் அவ்வேலை பொறியிடம் சென்றது.

மாணவர் 60 வயதுக்கு மேற்பட்ட 12 நெசவாளரையும் 40 வயதுக்குட்பட்ட 12 நெசவாளரையும் சந்தித்துள்ளார். அடையைச் சார்ந்த 46 சொற்களுள் முதியோர் 40ஐ அறிந்திருந்தனர், இளையோர் 9ஐ மட்டுமே அறிந்திருந்தனர். கோர்வை, பேட்னி பற்றிய 28 சொற்களை முதியோர் முழுதும் அறிந்திருந்தனர், இளையோர் 25ஐ அறிந்திருந்தனர். இக்கண்டுபிடிப்பின் சிறப்பு இரண்டாம் இணையில் உள்ளது. ‘இளையோர் பழஞ்சொற்களை மறந்தனர்’ என்ற பொதுக்கூற்றை அது மறுத்து, வினை கையில் உள்ளவரை சொல்லும் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. சுருக்கம் எவ்வளவு குறுகினும் இவ்விணை எண்கள் இரண்டும் ஒருங்கே நிற்க வேண்டும். இடம் போதாமையால் ஒன்றை விட்டால், எஞ்சுவது எல்லோரும் முன்பே ஊகிக்கும் செய்தியாகிவிடும்.

இனி ஏனைய இயல்களை நோக்கலாம். முதல் இயலின் 18 பக்கங்கள் இல்லாமலே கண்டுபிடிப்பை நம்ப இயலும். ஆகவே அதிலிருந்து ஒரு தொடரும் வேண்டுவதில்லை. மாணவர்க்கு இது கடினமான முடிவு. அவர் நெடுநாள் உழைத்தது அவ்வியலிலாகவும் இருக்கலாம். எனினும் ஏட்டில் ஓர் இயல் பெறும் பக்க அளவும் சுருக்கத்தில் அது பெறும் இடமும் தொடர்பற்றவை. 40 பக்கச் சொற்பட்டியலிலிருந்து ஓர் எண் மட்டும் போதும். மாறாக, 6 பக்கமே உள்ள மூன்றாம் இயலிலிருந்து மூன்று செய்திகள் தவறாது வர வேண்டும்: எவரிடம் கேட்கப்பட்டது, எங்கே கேட்கப்பட்டது, ஒரு சொல்லை ‘அறிந்திருத்தல்’ என்றால் என்ன. இவ்வேட்டில் பன்னிருவருள் எழுவரேனும் பொருள் கூறிய சொல்லே அறிந்த சொல்லாகக் கொள்ளப்பட்டுள்ளது. இவ்வரையறை இல்லையேல் 9 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. ஒருவர் அறிந்ததா, அனைவரும் அறிந்ததா என்ற வினா எழும்.

திருத்திய முன்சுருக்கம் பின்வருமாறு அமையலாம்:

“காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து இளைய நெசவாளர், அடை முறைக்குரிய தொழிற்சொற்களைப் பெரும்பாலும் அறியவில்லை, கோர்வை, பேட்னி ஆகியவற்றுக்குரிய சொற்களை ஏறத்தாழ முதியோர் அளவுக்கு அறிந்துள்ளனர். அடைச் சொற்கள் 46இல் முதியோர் 40ஐயும் இளையோர் 9ஐயும் அறிந்தனர் (ப. 83). கோர்வை, பேட்னிச் சொற்கள் 28இல் முதியோர் அனைத்தையும் இளையோர் 25ஐயும் அறிந்தனர் (ப. 85). அடையின் இடத்தை ஜக்கார்டு பொறி பெற்றுள்ளது. கோர்வையும் பேட்னியும் கைவினையாகவே தொடர்கின்றன. எனவே சொல்லிழப்புக்குத் தலைமுறை இடைவெளியைவிடத் தொழில்நுட்ப மாற்றமே நெருங்கிய காரணமாகத் தோன்றுகிறது. தரவு, 60 வயதுக்கு மேற்பட்ட 12 பேரிடமும் 40 வயதுக்குட்பட்ட 12 பேரிடமும் திரட்டிய 312 சொற்கள். பன்னிருவருள் எழுவரேனும் பொருள் கூறிய சொல்லே அறிந்த சொல்லாகக் கொள்ளப்பட்டது (ப. 33). தகவலாளர் அனைவரும் ஆடவர். தார் சுற்றுதல் முதலிய பணிகளைச் செய்யும் பெண்களின் சொல்வழக்கு இதில் இடம்பெறவில்லை. இல்லத்தில் தெலுங்கு பேசும் நெசவாளரும் சேர்க்கப்படவில்லை (ப. 35).”

இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, ஒவ்வோர் எண்ணும் பக்க எண்ணுடன் நிற்பது. தேர்வாளர் ஐயுறும் இடத்தை அப்பொழுதே புரட்டிப் பார்க்க இது உதவுகிறது. மாணவர்க்கும் இதில் ஒரு காவல் உண்டு. பக்கம் சுட்ட இயலாத தொடர், சுருக்கம் எழுதும்போது புதிதாகத் தோன்றிய கருத்து என்பது உடனே புலப்படும். அத்தகைய கருத்து நன்றாயிருப்பின் ஐந்தாம் இயலில் சேர்த்துவிட்டே சுருக்கத்திற்குக் கொண்டுவருதல் முறை.

இரண்டாவது, ‘காரணமாகத் தோன்றுகிறது’ என்ற வினைமுடிபு. ஏட்டில் ‘தோன்றுகிறது’, ‘எனலாம்’ என்று முடிந்த கூற்றுகள் சுருக்கத்தில் ‘ஆகும்’ என்று மாறிவிடுவதுண்டு. சொற்களைக் குறைக்கும் முயற்சியில் முதலில் உதிர்வன இத்தகைய ஐயக்கிளவிகளே. உதிர்ந்தபின் சுருக்கம் ஏட்டைவிட மிகுதியாக உரிமை கொண்டாடும். தேர்வாளர் அதனை உண்மையெனக் கொண்டு ‘தொழில்நுட்பமே காரணம் என்று எவ்வாறு நிறுவினீர்கள்?’ என வினவுவார். ஏட்டிலோ அதற்கு விடை இராது. மாணவர் நிறுவாத ஒன்றுக்கு வாய்மொழித் தேர்வில் விடைகூற நேர்வது இவ்வாறுதான். ஆகவே எழுதி முடித்தபின் சுருக்கத்தின் பயனிலைகளை மட்டும் ஏட்டின் பயனிலைகளோடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

மூன்றாவது, எல்லை. பெண்களின் வழக்கு இடம்பெறவில்லை என்பதைத் தானே முன்பக்கத்தில் கூறுவது குறையை வெளிப்படுத்துவதாகும் என்று மாணவர் அஞ்சுவர். ஆயின் பட்டு நெசவை அறிந்த தேர்வாளர் எவரும் அவ்வினாவை எழுப்பாமல் இருக்கப் போவதில்லை. முன்பே கூறிவிட்டால் வினா ‘ஏன் மறைத்தீர்கள்?’ என்பதாக எழாமல் ‘அத்தரவு சேர்ந்தால் முடிவு எவ்வாறு மாறலாம்?’ என்பதாக எழும்; பின்னதற்கு விடைகூற மாணவர் ஆயத்தமாக இயலும்.

சுருக்கத்தின் மொழிநடை பற்றி ஒரு குறிப்பு மட்டும். அடை, கோர்வை, பேட்னி ஆகிய சொற்களை மாணவர் களத்தில் பன்முறை கேட்டிருப்பார். இலக்கணம் பயின்ற தேர்வாளருக்கு அவை புதியனவாக இருக்கலாம். 312 சொற்களைப் பற்றிய ஏட்டின் சுருக்கத்தில் மூன்று தொழிற்சொற்களே வருதல் போதும். அம்மூன்றுக்கும் அவ்விடத்திலேயே நான்கைந்து சொற்களில் பொருள் தந்துவிடலாம். மேற்காட்டிய சுருக்கத்தில் அது இன்னும் எஞ்சியிருக்கும் பணி.

சுருக்கம் இந்நிலையை எய்தியபின் ஏட்டின் தலைப்பும் நெருடத் தொடங்கும். ‘காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்’ என்று தலைப்பு விரிந்து நிற்க, சுருக்கத்தின் முதல் தொடர் ‘பிள்ளையார்பாளையம்’ என்று குறுகி நிற்கிறது. தேர்வாளர் இவ்விரண்டையும் அடுத்தடுத்தே படிப்பார். ‘காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளரிடையே அடை, கோர்வைத் தொழிற்சொற்கள்’ என்பது போன்ற தலைப்பு ஏட்டின் தரவுக்கு ஒத்தது. தலைப்பைப் பதிவு செய்த பின்னர் மாற்றத் துறையின் ஒப்புதல் வேண்டியிருக்குமாதலின், முன்சுருக்கத்தின் முதல் வரைவை ஏட்டைக் கட்டமைப்புக்கு அனுப்பும் நாளில் எழுதாமல், ஐந்தாம் இயல் முடிந்த உடனே எழுதிவிடுதல் தகும்.