25 கட்டுரைகள், 19 சோதனைகள்

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்க ஆன்டன்செட்ரான் என்ற மருந்து தருவார்கள். அதன் 4 மில்லிகிராம் ஊசியைப் பற்றி வந்த 25 கட்டுரைகளை மார்ட்டின் ட்ராமரும் சக ஆய்வாளர்களும் அலசி, 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். உண்மையில் நடந்த சோதனைகள் 19தான். அவற்றில் மூன்றின் நோயாளிகளே வேறு ஆறு கட்டுரைகளிலும் தலைகாட்டியிருந்தார்கள். 25ஐயும் கூட்டினால், சராசரியாக 4.9 பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் பலனடைவதாகத் தெரிந்தது. 19ஐ மட்டும் எடுத்தால் அது 6.4 பேர். மருந்துக்குச் சாதகமான சோதனைகளே திரும்பத் திரும்ப அச்சேறியிருந்ததால் வந்த வித்தியாசம் இது.

ஒரு மருந்தைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் தேடித் தொகுக்கும் முறையான மீளாய்வில், தேடலில் கிடைத்தவை எத்தனை, கடைசியில் நின்றவை எத்தனை என்று பெட்டிகளும் அம்புகளுமாகக் காட்டுவதுதான் பிரிஸ்மா வரைபடம். அதில் மேலிருந்து கீழே வரவர, எண்ணப்படும் பொருளே மாறுகிறது. மேலே எண்ணுவது தேடலில் விழுந்த பதிவுகளை. நடுவில், முழுதாகப் படித்த கட்டுரைகளை. கீழே, நடந்த சோதனைகளை.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. தேடியதில் 1,240 பதிவுகள். ஒரே பதிவு இரண்டு தரவுத்தளங்களில் வந்த வகையில் 310 போக மீதி 930. தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து 850ஐ ஒதுக்கினால், தேடியெடுக்க வேண்டிய கட்டுரைகள் 80. நான்கு கிடைக்கவில்லை; படித்தவை 76. அதில் 51ஐ நீக்கினால் 25 கட்டுரைகள் மிஞ்சும். கடைசிப் பெட்டியில் '19 சோதனைகள், 25 கட்டுரைகள்' என்று இரண்டையும் எழுத வேண்டும். முதலில் கழித்த 310இல் அந்த ஆறு கட்டுரைகளும் சிக்கியிருக்காது. தலைப்பு வேறாக இருக்கும்போது மென்பொருளுக்கு அவை தனித்தனிப் பதிவுகளே. நோயாளிகளின் எண்ணிக்கை, மருந்தளவு, சோதனை நடந்த இடம் ஆகியவற்றை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

நீக்கிய 51க்கும் காரணம் சொல்ல வேண்டும். கட்டுரைக்கு ஒரு முதன்மைக் காரணம் என்று வைத்தால் கூட்டுத்தொகை 51 வரும். வேலை நடக்கும்போதே குறித்து வைக்காமல் கடைசியில் நினைவிலிருந்து நிரப்புகிறவர்களுக்குத்தான் நான்கைந்து உதைக்கும். அதை 'பிற காரணங்கள்' என்ற வரியில் தள்ளிவிடுவது வாசகரை ஏமாற்றுவதே.

எனக்கு அதிகம் கவலை தருவது 'வாந்தி பற்றிய விவரம் இல்லை' என்பது போன்ற காரணம். அந்தச் சோதனையில் வாந்தியை அளந்தும், முடிவு பிடிக்காததால் வெளியிடாமல் விட்டிருக்கலாம். அப்படிப்பட்டதை நீக்கினால், மருந்து தோற்ற இடம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அந்தச் சோதனையை 19உடன் வைத்துக்கொண்டு, விவரம் கிடைக்கவில்லை என்று எழுதுவதே சரி. தகுதியானதுபோல் தோன்றி நீக்கப்பட்டவற்றைக் காரணத்தோடு குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுப் பிரிஸ்மா விதிகள் கேட்கின்றன. அந்தப் பட்டியல் இருந்தால் வேறொருவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்க முடியும்.