டன்னுக்கு எவ்வளவு, தாமதமானால் என்ன?

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தைக் கோயம்பேட்டுக்கு அனுப்ப நினைக்கும் உழவர் குழு, லாரி உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். “டன்னுக்கு என்ன வாடகை?” என்று மட்டும் கேட்டால் போதாது. குறைந்தபட்ச எடை எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

பத்து டன் லாரிக்கு டன்னுக்கு 1,800 ரூபாய் பேசியாகிவிட்டது. அறுவடை குறைந்து எட்டு டன்தான் சேர்ந்தது. பத்து டன்னுக்கான 18,000 ரூபாயைக் கட்டியே ஆக வேண்டும் என்றால், உண்மை வாடகை டன்னுக்கு 2,250 ரூபாய். கணக்கு எந்த எடைமேடைச் சீட்டின்படி என்பதும் கடிதத்தில் இருக்கட்டும். வழியில் ஈரம் காய்ந்து வெங்காயம் எடை இழக்கும்.

ஏற்றுகூலி மூட்டைக் கணக்கில் வரும். ஐம்பது கிலோ மூட்டைக்கு 10 ரூபாய் என்றால் டன்னுக்கு 200. இறக்குகூலி அதில் அடங்குமா என்று தனியே கேட்பது நல்லது.

தாமதம்தான் சண்டை வரும் இடம். அது இருபக்கமும் உண்டு. மூட்டை தயாராகாமல் லாரி காத்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்குப்பின் காத்திருப்புக் கட்டணம்? லாரி பழுதாகி விடியற்காலைச் சந்தை தவறினால் வாடகையில் எவ்வளவு கழிவு? வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் சரக்குச் சீட்டில் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கழிவு கேட்க ஆதாரம் இருக்காது.